26 கிலோ சிப்பம்

அடுத்த முறை அரிசி வாங்கப் போகும்போது சிப்பத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எடையைக் கொஞ்சம் பாருங்கள். சிப்பம் என்றால் 25 கிலோ என்றுதான் நமக்கெல்லாம் பழக்கம். 2022 ஜூலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் பல ஆலைகளின் பைகளில் அது 26 கிலோ ஆனது. அதே பொன்னி, அதே ஆலை, அதே பை. ஒரே ஒரு கிலோதான் கூடுதல்.

பெரும்பாலானவர்கள் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனித்தவர்களும் ஏதோ வியாபாரத் தந்திரம் என்று விட்டிருப்பார்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிப் பை 25 கிலோ வரை இருந்தால் 5% ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடை இருந்தால் வரியே கிடையாது. 25 கிலோ பையில் இன்னொரு கிலோவைப் போட்டுத் தைத்தால் மொத்தப் பையும் வரிக்கு வெளியே போய்விடுகிறது. ஆலைக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். சட்டப்படி அதில் ஒரு தவறும் இல்லை.

என்னை உறுத்துவது அந்தப் பையை வாங்க முடியாதவர்களின் நிலைமை. 26 கிலோவை மொத்தமாக வாங்கப் பணம் உள்ள வீட்டுக்கு அரிசியில் வரி இல்லை. 5 கிலோ பை வாங்கும் வீட்டுக்கு வரி உண்டு. ஏழைகளுக்குச் சுமை குறையட்டும் என்று உணவுக்குக் கொடுத்த விலக்கு இப்படித் தலைகீழாக எப்படி வந்து நின்றது? அதற்கு முதலில் அந்த விலக்கு எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வீடுகளை வைத்துக் கணக்குப் போடுவோம். கணக்கு புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. முதல் வீட்டில் மாத வருமானம் 15,000 ரூபாய். கணவர் பெயிண்டிங் வேலை, மனைவி இரண்டு வீடுகளில் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000-மும் அந்த மாதமே செலவாகிவிடும். இரண்டாவது வீட்டில் இருவரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். மாத வருமானம் 1,50,000. அதில் 70,000 செலவு போக மீதி சேமிப்பு, சீட்டு, பங்கு, நிலம் என்று போகிறது.

செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 10 ரூபாய் வரியாகப் போகும்படி எல்லாப் பொருளுக்கும் ஒரே வரி என்று வையுங்கள். முதல் வீடு 1,500 ரூபாய் கட்டுகிறது. இரண்டாவது வீடு 7,000 கட்டுகிறது. ரூபாயில் பார்த்தால் வசதியான வீடுதான் அதிகம் கொடுக்கிறது, இதில் என்ன அநியாயம் என்று தோன்றும். வருமானத்தோடு சேர்த்துப் பாருங்கள். முதல் வீடு தன் வருமானத்தில் 10% கொடுத்துவிட்டது. இரண்டாவது வீடு கொடுத்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. இது செலவின் மேல் விழும் வரி. செலவழிக்காமல் ஒதுக்கி வைத்த 80,000-ஐ அது தொடவே இல்லை. ஒதுக்கி வைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் முழு வருமானத்தையும் தொட்டுவிடுகிறது.

சேமித்த பணமும் என்றைக்காவது செலவாகத்தானே வேண்டும், அன்றைக்கு வரி விழுமே என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஓரளவு சரிதான். ஆனால் அது நிலமாக மாறினால் ஜிஎஸ்டிக்குள் வராது, பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போனாலும் வராது. முதல் வீட்டுக்கோ வரி இந்த மாதமே, மளிகைக் கடை கல்லாவிலேயே விழுந்துவிடுகிறது.

உணவு இங்கேதான் கணக்குக்குள் வருகிறது. வருமானம் ஏற ஏற அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் 1857-லேயே எழுதினார். வசதி பத்து மடங்கு கூடினால் சோறு பத்து மடங்கு இறங்காதல்லவா? நம் முதல் வீட்டில் அரிசி, காய்கறி, பால், முட்டை, மீனுக்கு 5,000 ரூபாய் ஆகிறது, இரண்டாவது வீட்டில் 9,000 என்று வையுங்கள். இந்த அடிப்படை உணவை மட்டும் வரியிலிருந்து எடுத்துவிட்டால் முதல் வீட்டின் வரி 1,000 ஆகக் குறைகிறது, அதாவது வருமானத்தில் 6.7%. இரண்டாவது வீட்டின் வரி 6,100, அதாவது 4.1%. இடைவெளி மறைந்துவிடவில்லை. ஆனால் 10-க்கும் 4.7-க்கும் இருந்த தூரம் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. உலகத்தில் பல நாடுகள் உணவுக்கு விலக்கு கொடுப்பது இந்தக் கணக்கை நம்பித்தான். இந்தியாவும் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி தொடங்கியபோது அரிசி, கோதுமை, பால், காய்கறி, முட்டை எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்தது.

கணக்கு இவ்வளவு சுலபம்தான். எது அடிப்படை உணவு என்று கோடு போடுவதில்தான் சிக்கல் தொடங்கியது.

2017-ல் போட்ட கோடு பிராண்டுப் பெயரை வைத்து. பதிவு செய்த பிராண்டுப் பெயரோடு பையில் அடைத்து விற்றால் 5%, பெயரில்லாத அரிசிக்கு வரி இல்லை. பிராண்டு அரிசி வாங்குபவர் வசதியானவர், அவர் கொடுக்கட்டும் என்பது அதில் இருந்த நினைப்பு. கோடு விழுந்ததும் சிலர் தங்கள் பிராண்டின் பதிவையே ரத்து செய்யத் தொடங்கினார்கள். பை அதே பை, படம் அதே படம், பதிவு மட்டும் இல்லை. 2017 செப்டம்பரில் ஹைதராபாத்தில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இதற்கு மருந்து தேடியது. 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் பிறகு ரத்தானாலும் பதிவானதாகவே கொள்ளப்படும் என்றது. பதிவில்லாத பெயராக இருந்தாலும், அதை வேறு யாராவது பயன்படுத்தினால் வழக்குப் போடும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைப்பவரும் வரி கட்ட வேண்டும் என்றது. வரி வேண்டாம் என்றால் அந்த உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கிலோ அரிசிக்கு வரி உண்டா என்ற கேள்விக்குப் பதில், அதை விற்பவர் வழக்குப் போடும் உரிமையை வைத்திருக்கிறாரா இல்லையா என்பதில் போய் நின்றது. அரிசியைத் தின்பவர் யார் என்பது அந்தக் கேள்வியில் எங்குமே இல்லை.

2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் நடந்த 47-ஆவது கூட்டம் இந்தக் கோட்டை அழித்து வேறு கோடு போட்டது. பிராண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார் என்றது. ஜூலை 18 முதல் அரிசி, பருப்பு, கோதுமை மாவு, தயிர், மோர் எல்லாம் இதில் வந்தன. எது 'அடைத்து லேபிள் ஒட்டியது' என்பதற்கான விளக்கத்தை எடையளவுச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் 25 கிலோவுக்கு மேற்பட்ட பைக்குப் பொருந்தாது. சில்லறையாக வாங்குபவர் அவ்வளவு பெரிய பை வாங்க மாட்டார், அது வியாபாரிக்குப் போகும் சரக்கு என்ற நினைப்பில் என்றைக்கோ எழுதிய வரம்பு அது. பையின் மேல் எடை, விலை, தயாரித்த தேதி எழுதச் சொல்வதற்காக வந்த வரம்பு, யார் வரி கட்டுவது என்று தீர்மானிக்கும் வரம்பாக ஒரே நாளில் மாறிவிட்டது.

தமிழ்நாட்டில் குடும்பங்களே 25 கிலோ சிப்பம் வாங்குவது காலங்காலமாக இருக்கும் வழக்கம். சோறு மூன்று வேளையும் இல்லாவிட்டாலும் இரண்டு வேளையாவது வேண்டும் என்கிற நான்கைந்து பேர் உள்ள வீட்டில் அது ஒரு மாதக் கணக்கு. அதனால் ஆலைகளுக்கு 26 கிலோ என்பது கையெட்டும் தூரத்தில் இருந்த விடை. வருவாயைக் காப்பாற்றப் போட்ட கோடு, நடுத்தர வீட்டின் மாதாந்திர சிப்பத்தை அப்படியே தப்பவிட்டுவிட்டது.

கடையில் அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். எங்கள் பகுதி மளிகைக் கடையில் மாலை ஆறரை ஏழு மணிக்குக் கூட்டம் ஜாஸ்தி, வேலை முடிந்து வருபவர்கள் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற அம்மா அரிசி கேட்டார்.

"அண்ணாச்சி, அஞ்சு கிலோ பை எவ்ளோ?"

"முந்நூத்திப் பதினஞ்சு."

"அறுவது ரூபான்னுதானே போன தடவை சொன்னீங்க?"

"அது சிப்பம் எடுத்தா, அக்கா. சிப்பத்துக்கு வரி கிடையாது. சின்னப் பைக்கு ஆலையிலயே வரி போட்டு வருது. அஞ்சு கிலோவுக்குப் பதினஞ்சு ரூபா அதுக்குத்தான்."

"சிப்பம் எவ்ளோ ஆவுது?"

"ஆயிரத்து ஐந்நூத்தி அறுவது."

அந்த அம்மா பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "லூஸ் இருந்தா அதுல ரெண்டு கிலோ போடுங்க" என்றார். அண்ணாச்சி திறந்திருந்த மூட்டையிலிருந்து அளந்து கவரில் போட்டுக் கொடுத்தார். அப்படிக் கண் எதிரே அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. முன்கூட்டியே அடைத்த பொருள் என்ற விளக்கத்துக்குள் அது வராது. 2022-ல் எதிர்ப்புக் கிளம்பியபோது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் ஒரு பட்டியல் போட்டு, இவற்றை லூஸில் வாங்கினால் வரி இல்லை என்று விளக்கியதும் இதைத்தான். ஜிஎஸ்டிக்கு முன்பே சில மாநிலங்கள் தானியத்தில் வரி வாங்கின, பஞ்சாப் மட்டும் கொள்முதல் வரியாக 2,000 கோடிக்கு மேல் வசூலித்தது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தத் தகவல் சரிதான். மாநிலங்களுக்குப் பணம் வேண்டும் என்பதும் உண்மை.

ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்த 15 ரூபாயை யார் கொடுக்கிறார்கள் என்பது. மிகவும் இல்லாத வீட்டுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அது இலவசம், அதில் வரியும் இல்லை. பல வீடுகளில் ரேஷன் அரிசி இட்லி மாவுக்கும், கடையில் வாங்கும் பொன்னி சோற்றுக்கும் என்று பிரித்துக்கொள்கிறார்கள். கடையரிசியையும் லூஸில் வாங்கினால் வரி கிடையாது. வசதியான வீடு சிப்பம் எடுக்கிறது, அதற்கும் கிடையாது. நடுவில் நிற்பவர் கொடுக்கிறார். கையில் 1,500 ரூபாய் மொத்தமாக இல்லாதவர், லூஸ் அரிசியில் கல்லும் புழுவும் இருக்குமோ என்று பயப்படுபவர், லூஸ் விற்கும் கடையே பக்கத்தில் இல்லாத புறநகர்க் குடியிருப்பில் இருப்பவர், ஒற்றை அறையில் 26 கிலோவை வைக்க இடமில்லாத வெளிமாநிலத் தொழிலாளி, தனியாக இருக்கும் முதியவர். இவர்கள்தான் 5 கிலோ, 10 கிலோ பைக்காரர்கள். வசதியானவர்களில் சூப்பர் மார்க்கெட்டில் விலை உயர்ந்த பாஸ்மதி பை வாங்குபவரும் கொடுக்கிறார்தான். அவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

பதினைந்து ரூபாய் பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. ஐந்து கிலோவை இரண்டு கிலோவாகக் குறைத்துவிட்டாரே.

விலக்கிலேயே இருக்கும் இன்னொரு ஓட்டையையும் சொல்ல வேண்டும். வரி இல்லை என்று சொல்லும் சிப்பத்திலும் வரி இருக்கிறது, பில்லில் தெரியாது அவ்வளவுதான். ஆலைக்காரர் பிளாஸ்டிக் சாக்கு வாங்கும்போது 18% ஜிஎஸ்டி கொடுக்கிறார். இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வாங்கினால் கொடுக்கிறார். அவர் விற்கும் பொருளுக்கு வரி இருந்தால், தான் கொடுத்த இந்த வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். வியாபாரிகள் இதை இன்புட் கிரெடிட் என்பார்கள். விற்கும் பொருளுக்கு வரி இல்லையென்றால் கழிக்க வழியில்லை. கொடுத்த வரி செலவாகி, அரிசி விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு சிப்பத்துக்கு இப்படி 100 ரூபாய் அளவுக்குச் சாக்கும் உதிரிப் பாகமும் ஆகிறது என்று அனுமானமாக வைத்துக்கொண்டால் 18 ரூபாய் வரி உள்ளேயே சிக்கியிருக்கிறது. அதே சிப்பத்துக்கு 5% வரி போட்டால் 78 ரூபாய். அதில் இந்த 18-ஐ ஆலை கழித்துக்கொள்ளும். ஆக உண்மையில் விலை ஏற வேண்டியது 60 ரூபாய்தான். இதையே வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, விலக்கால் கிடைப்பது நீங்கள் நினைக்கும் அளவு இல்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கிரெடிட் கிடைத்தால் ஆலை அதை விலையில் குறைத்தே தீரும் என்பதற்கு யார் பொறுப்பு? இன்னொன்று, 10 கிலோ பையும் 26 கிலோ சிப்பமும் ஒரே ஆலையில் ஓடும்போது, எந்தச் சாக்கு எதற்கு, இயந்திரம் எவ்வளவு நேரம் எதற்கு ஓடியது என்று விகிதம் பிரித்துத்தான் கிரெடிட் எடுக்க வேண்டும். சின்ன ஆலைக்கு அதுவே ஒரு தலைவலி. இதே சண்டிகர் கூட்டத்தில்தான் தானியம் சுத்தம் செய்யும், அரைக்கும் இயந்திரங்களுக்கான வரி 5-லிருந்து 18 ஆனது. வரியில்லா அரிசிக்குள் சிக்கும் வரி அன்றைக்குக் கூடியது. இதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.

இங்கிலாந்தில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே பெரும்பாலான உணவுப் பொருளுக்கு வாட் பூஜ்யம். பொருளுக்கு வரி உண்டு, அதன் விகிதம் பூஜ்யம் என்று கொள்வதால், தயாரிப்பவர் தான் கட்டிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வரியில்லாத ரொட்டி நிஜமாகவே வரியில்லாமல் கடைக்கு வருகிறது. நம் நாட்டில் அந்தச் சலுகை ஏற்றுமதிக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கும்தான். வெளிநாட்டுக்குப் போகும் அரிசிக்கு உள்ளே சிக்கிய வரியைத் திருப்பித் தருகிறோம், நம் வீட்டுப் பானைக்குப் போகும் அரிசிக்குத் தருவதில்லை. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே இல்லாததால் லாரி வாடகையில் உள்ள வரி எப்படியும் கழியாது, அது தனிக் கதை.

சரி, விலக்கு என்ற ஏற்பாடே தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் இரண்டு வீட்டுக் கணக்குக்குத் திரும்பப் போவோம். உணவுக்கு விலக்குக் கொடுத்ததில் முதல் வீடு மிச்சம் பிடித்தது 500 ரூபாய். இரண்டாவது வீடு மிச்சம் பிடித்தது 900. ஏழைக்கென்று செய்த விலக்கில் ரூபாய்க் கணக்கில் கூடுதல் லாபம் வசதியான வீட்டுக்கு. அதற்குப் பதிலாக உணவுக்கும் வரி போட்டு, வரும் 1,400 ரூபாயை இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கு 700 என்று ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள். முதல் வீடு 500 கட்டி 700 வாங்குகிறது, 200 லாபம். 26 கிலோ தந்திரமும் தேவையில்லை, லேபிள் சண்டையும் இல்லை. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையில் 2011-ல் இங்கிலாந்தில் வந்த அறிக்கை கிட்டத்தட்ட இந்த வழியைத்தான் சொன்னது.

காகிதத்தில் இதை என்னால் மறுக்க முடியவில்லை. நடைமுறையை நினைத்தால் சமையல் கேஸ் மானியம்தான் நினைவுக்கு வருகிறது. சிலிண்டரை முழு விலைக்கு வாங்குங்கள், மானியத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள். போட்டார்கள். 2020-ன் நடுவில் உலகச் சந்தையில் விலை இறங்கியபோது பெரும்பாலான வீடுகளின் கணக்கில் மானியம் வருவது நின்றது. பிறகு விலை ஏறியது, மானியம் ஏறவில்லை. பின்னால் உஜ்வலா இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு தொகை வந்தது. யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை, ஊர்வலம் போக ஒரு தேதிகூட இல்லை. ரொக்கத்தின் பலவீனம் அது. தொகை அப்படியே நிற்கும், விலைவாசி அதைத் தின்னும், ஒருநாள் சத்தமில்லாமல் நிற்கவும் செய்யும். விலக்கு அப்படியில்லை. அரிசி விலை ஏறினால் விலக்கின் மதிப்பும் கூடவே ஏறும். வரி போட வேண்டுமென்றால் கவுன்சில் கூட வேண்டும், பத்திரிகையில் வரும், நாடாளுமன்றத்தில் கூச்சல் எழும். 2022-ல் அப்படித்தான் நடந்தது. வங்கிக் கணக்கோ கைரேகையோ படிவமோ கேட்காமல் கடையிலேயே கைக்கு வரும் உதவி அது. வசதியான வீட்டுக்கும் 900 போகிறதே என்றால், அதை அவர்களிடம் வருமான வரியில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வருகிறது. பியர் பாஷா, லூசி கடென், ஆண்டர்ஸ் ஜென்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட வளரும் நாடுகளின் குடும்பச் செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஏழைகள் பெரும்பாலும் சந்தையிலும் தெருக்கடையிலும் வரி வலைக்கு வெளியே உள்ள வியாபாரியிடம் வாங்குகிறார்கள், அதனால் செலவு வரி நினைத்த அளவுக்கு அவர்கள் மேல் விழுவதில்லை, உணவுக்குத் தனி விலக்கு கொடுப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பலனும் குறைவு என்று கண்டார்கள். லூஸ் அரிசி வாங்கிய அந்த அம்மாவை நினைத்தால் அதில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் வருட விற்பனை 40 லட்சம் தாண்டாத சரக்கு வியாபாரி ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை, பெட்டிக்கடைகள் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் பெட்டிக்கடையில் தொங்கும் ஷாம்பு சாஷேவும் பிஸ்கட் பாக்கெட்டும் ஆலையிலேயே வரி கட்டித்தான் வருகின்றன. கடைக்காரர் பதிவு செய்யாததால் தப்புவது அவருடைய லாபத்தின் மேலான வரி மட்டும். அடைத்த பொருள் கிராமத்துக்குள் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு வரியும் போகிறது.

அது நிறையவே போகிறது. 2023-24-ன் தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமத்து வீட்டில் சாப்பாட்டுக்குப் போவது மொத்தச் செலவில் சுமார் 47%, நகரத்தில் சுமார் 40%. அரிசி, கோதுமை போன்ற தானியம் அதில் மிகச் சிறிய பங்கு, கிராமத்தில் மொத்தச் செலவில் வெறும் 5%. பிஸ்கட், மிக்சர், டீ, கடைச் சாப்பாடு போன்ற பதப்படுத்திய பண்டங்களுக்குப் போவது அதைப்போல இரண்டு மடங்கு. வேலைக்குப் போகும் வழியில் டீயும் பிஸ்கட்டுமாகக் காலைச் சாப்பாட்டை முடிப்பவருக்கு அதுதான் அடிப்படை உணவு. அரிசியைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஏழையின் தட்டை முழுக்கப் பார்த்துவிட்டதாக நினைக்க முடியாது.

அந்த வகையில் 2025 செப்டம்பர் 22 முதல் வந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். பிஸ்கட், மிக்சர், குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. இவற்றில் பல 18-ல் இருந்தவை. சப்பாத்தி, பரோட்டா, பாக்கெட் பனீர் பூஜ்யத்துக்கே போயின. ஆனால் பாக்கெட் அரிசி 5-லேயே நின்றுவிட்டது. பனீர் பாக்கெட்டுக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பொன்னிக்கு வரி உண்டு. 25 கிலோ வரம்பை எடுத்துவிடலாம் என்ற பேச்சு 2024-ல் எழுந்து, அந்த டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய கவுன்சில் வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் திருத்தச் சொன்னது. வரம்பை எடுத்திருந்தால் சில்லறைக்கு வரும் சிப்பத்துக்கும் வரி வந்திருக்கும். நான் கேட்பது அதற்கு நேர் எதிர். அரிசிக்கும் பருப்புக்கும் எந்த அளவுப் பையாக இருந்தாலும் வரி வேண்டாம். கோடு போட்டே ஆகவேண்டும் என்றால் விலையை வைத்துப் போடுங்கள். கிலோ இத்தனை ரூபாய்க்கு மேல் போகும் பாஸ்மதிக்கு 5% இருக்கட்டும். அந்தக் கோட்டிலும் ஓட்டை விழும், கோட்டுக்கு ஒரு ரூபாய் கீழே விலை வைப்பார்கள். வைக்கட்டுமே, அந்தத் தந்திரத்தில் அரிசி விலையாவது குறையும்.

அதுவரைக்கும் நம்மால் ஆன ஒன்று பில்லைப் பார்ப்பது. சூப்பர் மார்க்கெட் பில்லில் அரிசி வரிசைக்கு எதிரே 1006 என்று தொடங்கும் எண் இருந்தால் அது அரிசிக்கான குறியீடு. பக்கத்தில் சிஜிஎஸ்டி 2.5, எஸ்ஜிஎஸ்டி 2.5 என்று இருந்தால் நீங்கள் 5% கட்டியிருக்கிறீர்கள். 26 கிலோ சிப்பத்துக்கு அப்படிப் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள், அது தப்பு. உங்கள் முன்னால் அளந்து கொடுத்த லூஸ் அரிசிக்குப் போட்டிருந்தாலும் தப்புதான். எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு சிப்பம் எடுத்துத் தராசு வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வரியும் மிச்சம், சிப்பத்து விலையும் கிடைக்கிறது. ஆயிரத்து ஐந்நூற்று அறுபதை மூன்றாகப் பிரித்தால் வீட்டுக்கு 520 ரூபாய் வருகிறது. சம்பளம் வந்த முதல் வாரத்தில் அதைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறதாம். பத்தாம் தேதிக்கு மேல் என்றால் அதுவும் முடியாது என்கிறார்கள்.